கண்ணை மூடினால் நெல் மூட்டைதான் தெரிகிறது: தியானத்தில் எண்ணம் ஏன் நிற்பதில்லை?

வெட்டாற்றங்கரை:
திருவாரூர் பக்கம் விவசாயம். கொஞ்ச நாளாக விடியற்காலையில் இருபது நிமிடம் கண்ணை மூடி உட்காருகிறேன். சொல்லிக்கொடுத்தவர் "மூச்சை மட்டும் பாருங்க, எண்ணமே வரக்கூடாது" என்றார். எனக்கோ சும்மா இருக்கும்போது வருவதைவிட உட்கார்ந்த பிறகுதான் அதிகம் வருகிறது. விரட்ட விரட்டக் கூடுகிறது. ஏன் இப்படி? எப்படி நிறுத்துவது? எனக்கு இது ஒத்துவராதா?

கோவிலடிவாசி:
ஒத்துவரும், ஆனால் கறாராக இருக்க வேண்டும். பதஞ்சலி இரண்டாவது சூத்திரத்திலேயே யோகம் என்றால் சித்த விருத்தி நிரோதம் என்று சொல்லிவிட்டார். மனம் அலைவதை நிறுத்துவதுதான் யோகமே. இந்தக் காலத்தில் "எண்ணம் வந்தால் வரட்டும்" என்று எல்லாவற்றையும் இளக்கிவிட்டார்கள். எண்ணம் தலைகாட்டியதும் அடித்து விரட்டுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் வழிக்கு வரும்.

அரசலாறு:
ஐயா, அதே முதல் பாதத்தில் 12-ஆவது சூத்திரத்தையும் பாருங்கள். நிரோதம் எதனால் வரும் என்று அங்கே இருக்கிறது: பயிற்சி, பற்றின்மை. 14-ஆவதில் நெடுங்காலம் இடைவிடாமல் செய்தால்தான் அந்தப் பயிற்சி உறுதிப்படும் என்கிறார். போய்ச் சேரும் இடத்தைச் சொன்ன சூத்திரத்தை, முதல் வாரம் உட்காருகிறவருக்குச் செய்முறையாகக் கொடுத்தால் அவர் என்ன பண்ணுவார்?

பல்லைக் கடித்தால் என்ன ஆகும் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களிடம் "ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியடியுங்கள்" என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு "இப்போது நினைக்கலாம்" என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதித்தவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. காரணம் எளிது. கரடி வருகிறதா என்று பார்க்க மனத்தின் ஒரு பகுதி காவலுக்கு நிற்க வேண்டும். எதைத் தடுக்க வேண்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால்தான் அந்தக் காவல் நடக்கும். வெட்டாற்றங்கரைக்கு விரட்ட விரட்ட வருவதும் இதனால்தான்.

மன்னை மாப்பிள்ளை:
கலங்கிய வாய்க்கால் தண்ணீரைக் கையால் தெளியவைக்க முடியுமா? விட்டுவிட்டால் தானாகத் தெளியும். எங்கள் வகுப்பில் இதைத்தான் சொன்னார்கள். எனக்கெல்லாம் அரை மணி நேரம் போனதே தெரியாது, ஒரு எண்ணமும் வராது.

அரசலாறு:
கேட்க நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் மனம் சும்மா விட்டால் தெளிவதில்லை, அதற்கென்று ஒரு ஓட்டம் இருக்கிறது. வேலை எதுவும் கொடுக்காத நேரத்தில் மூளையின் சில பகுதிகள் கூடுதலாக இயங்குவதை மார்கஸ் ரெய்க்லின் குழு 2001-இல் எழுதியது. நடந்ததை அசைபோடுவது, நாளைக்குத் திட்டம் போடுவது, நம்மை யார் என்ன நினைக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பது எல்லாம் அந்தப் பகுதிகளோடு சேர்ந்த வேலை. கண்ணை மூடி உட்கார்ந்தால் வெளி வேலை நின்றுபோகிறது, உள்ளே அந்த ஓட்டம் தொடங்குகிறது. இதயம் துடிப்பதைக் குற்றமென்று சொல்வோமா?

உங்கள் அரை மணி நேரத்தைப் பற்றி ஒரு கேள்வி. எழுந்திருக்கும்போது கழுத்து தொங்கி இருக்கிறதா? எத்தனை மூச்சு பார்த்தோம் என்பதே ஞாபகம் இல்லையா? எழுந்த பிறகு கொட்டாவி, மந்தம்? அப்படியென்றால் அது தூக்கம். எண்ணம் இல்லாத நேரமெல்லாம் மௌனம் ஆகாது. கண்ணைப் பாதி திறந்து, நிமிர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அந்தச் சுகம் போய் எண்ணங்கள் திரும்பி வந்தால் விடை கிடைத்துவிடும்.

மன்னை மாப்பிள்ளை:
அக்கா, என் சுகத்தில் கை வைக்கிறீர்களே! கொட்டாவி வருவது உண்மைதான். ஆனால் அதற்காக முழுக்கத் தூக்கம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெட்டாற்றங்கரை:
என் விஷயத்தை உள்ளபடி எழுதுகிறேன். மூச்சை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன். நாலுக்குள் கொள்முதல் நிலையத்தில் கிடக்கும் நெல் ஞாபகம் வருகிறது. ஈரப்பதம் 17-க்கு மேல் காட்டிவிட்டால் திருப்பிவிடுவார்கள். அப்புறம் தார்ப்பாய் ஓட்டை. அப்புறம் தார்ப்பாய் வாங்கிப்போன பங்காளி. அப்புறம் அவன் வீட்டுக் கல்யாணத்தில் நான் வைத்த மொய். அங்கே வந்ததும்தான் சுரீரென்று தெரிகிறது. "சே, இன்றைக்கும் போச்சு" என்று எழுந்துவிடுகிறேன்.

அரசலாறு:
நீங்கள் எழுந்துபோகும் அந்த இடத்தில்தான் பயிற்சியே இருக்கிறது. மொய்யில் நின்றபோது "அட, எங்கோ போய்விட்டேன்" என்று தெரிந்ததே, அதை நீங்கள் வரவழைக்கவில்லை. தானாக வந்தது. உட்காரத் தொடங்கும் முன்பு இதே நெல், தார்ப்பாய், பங்காளி எல்லாம் வயலுக்கு நடக்கும்போது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள். எண்ணம் கூடியதாகத் தோன்றுவதில் பெரும்பங்கு இதுதான், மிச்சம் விரட்டுவதால் வருவது.

2012-இல் எமரி பல்கலைக்கழகத்தில் தியானம் பழகிய 14 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மூச்சைப் பார்க்கச் சொன்னார்கள். மனம் அலைந்ததைக் கண்டுகொண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். அலைவது, தெரிவது, திரும்புவது, மூச்சில் நிற்பது, மறுபடி அலைவது என்று ஒரு சுழற்சியாகத்தான் அதைப் பார்த்தார்கள். பழகியவர்களுக்கும் அலைகிறது.

அதனால் தெரிந்ததும் "நினைப்பு" என்று மனத்துக்குள் ஒரு தடவை சொல்லிவிட்டு ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பலர் சறுக்குகிற ஓர் இடம் உண்டு: நெல்லிலிருந்து மொய்வரை எப்படி வந்தோம் என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பது. ஆராய்ச்சி மாதிரி தெரியும், அதுவும் இன்னொரு எண்ணச் சங்கிலிதான். அதேபோல "சே" என்ற சலிப்பும் ஓர் எண்ணம். அதற்கும் அதே மரியாதை கொடுங்கள்.

தார்ப்பாய் மட்டும் வேறு கணக்கு. அது நிஜமாகவே முடிக்காத வேலை. உட்காரும் முன் ஒரு தாளில் "ஒன்பது மணிக்குத் தார்ப்பாய் வாங்க வேண்டும்" என்று எழுதிவையுங்கள். எப்போது, என்ன செய்வது என்று முடிவானால் மனம் அதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுவது குறையும்.

பாபநாசம் சரசு:
எனக்குத் தூக்கம் வராத தொந்தரவு இருக்கிறது, ராத்திரி ரெண்டு மணிவரை முழித்திருப்பேன். அப்புறம் ஒன்று. வீட்டுக்காரர் போன பிறகு என்னையும் தியானம் பண்ணச் சொன்னார்கள். கண்ணை மூடினாலே ஆஸ்பத்திரிக் கட்டில் தெரிந்து நெஞ்சு படபடக்கும். "விடாமல் கவனியுங்க" என்றார்கள். ஓடிவந்துவிட்டேன்.

அரசலாறு:
நீங்கள் ஓடிவந்ததுதான் சரி. மேலே நான் சொன்னது நெல், மொய் மாதிரி எண்ணங்களுக்கு. கண்முன்னே நிற்கிற காட்சிக்கும் படபடப்புக்கும் அது பொருந்தாது. அந்த நிலையில் கண்ணைத் திறந்தபடி மெல்ல நடந்து, கால் தரையில் படுவதைக் கவனிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதிலும் படபடத்தால் நிறுத்திவிடுங்கள். தூக்கமும் இப்படிக் கெட்டிருப்பதால் மனநல மருத்துவரை ஒருதடவை பாருங்கள்.

கோவிலடிவாசி:
எல்லாம் சரி அம்மா. அலைவதைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே இருப்பதுதான் பயிற்சி என்றால், மனம் ஒருநாள் அடங்குமா அடங்காதா? அதைச் சொல்லாமல் சுற்றி வளைக்கிறீர்கள். அடங்கியவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

அரசலாறு:
இருந்திருக்கலாம் ஐயா. எனக்கு நடுவில் இடைவெளி வரும், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் பேச்சில்லாத நேரம். அதைப் பிடித்துவைக்கப் பார்த்தால் அப்போதே போய்விடும். அதற்கு மேல் எதையும் நான் அனுபவத்தில் சொல்ல முடியாது.

கோவிலடிவாசி:
அப்போ இளக்கியது இளக்கியதுதான்.

வெட்டாற்றங்கரை:
எழுதிவைப்பதை நாளைக்கே செய்கிறேன். மொய்யை மட்டும் எந்தத் தாளில் எழுதுவது என்று தெரியவில்லை, அவன் திருப்பி வைக்கவே இல்லை.