எங்கள் விதைக் குழுவுக்குப் பெயர் மாற்ற வேண்டும், யோசனை சொல்லுங்கள்

தாம்பரம் பக்கம் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் நாட்டு விதைகளைக் கைமாற்றிக்கொள்ள ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஆரம்பத்தில் ஆசையாக ‘பசுமைச் சொந்தங்கள்’ என்று பெயர் வைத்துவிட்டேன். இப்போது அதுதான் தொல்லை. புதிதாகச் சேர்கிறவர்கள் சொந்தக்காரர் குழு என்று நினைத்துக் காலை வணக்கப் படம் போடுகிறார்கள். அவரைக்காய் விதை கேட்க வந்தவரோ, போனில் ‘விதை’ என்று தேடிப் பார்த்துவிட்டு, “குழுவைக் காணோமே அண்ணா” என்கிறார். பெயரில் அந்தச் சொல்லே இல்லையே, எப்படி வரும்?

‘தாம்பரம் விதைப் பகிர்வு’ என்று மாற்றலாமா? ஆனால் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். அதிலும் ஒருவர் vidhai, இன்னொருவர் vithai. Seeds என்றால் இந்தக் குழப்பம் இல்லை. அதனால் ‘விதை Seeds தாம்பரம்’ என்று யோசிக்கிறேன். நீளமான பெயர் சாட் பட்டியலில் பாதியில் வெட்டுப்படும், எனவே விதை முன்னால் வரட்டும் என்பது என் கணக்கு. ஊர்ப்பெயர்தான் முதலில் வேண்டும் என்கிறார் தங்கை.

இப்படிப் பெயர் மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: எது முதலில்? பழைய ஆட்கள் அடையாளம் தெரியாமல் வெளியேறிவிடாதபடி குழுப் படத்தை மட்டும் அப்படியே விட்டால் போதுமா?