‘சட்டப்படி கட்டுப்படுத்தாது’ என்று எழுதிய எம்ஓயூவில் ரகசிய ஷரத்து நிற்குமா?

நீலச்சங்கு
அரசு உதவி பெறும் கல்லூரியில் உணவியல் துறையில் இருக்கிறேன். சிறுதானிய நொறுக்குத்தீனி செய்யும் ஒரு கம்பெனியோடு 3 ஆண்டு எம்ஓயூ போடப் போகிறோம். எங்கள் ஆய்வு மாணவி அவர்களுடைய மாவுக் கலவையில் வேலை செய்வார். அவர்கள் அனுப்பிய வரைவில் ஷரத்து 6: கிடைக்கும் எல்லாத் தகவலும் 5 ஆண்டு ரகசியம். ஷரத்து 9: இந்த ஆவணம் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஷரத்து 11: தகராறு வந்தால் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் நியமிக்கும் நடுவர் சொல்வதே முடிவு. அடுத்த வாரம் முதல்வர் கையெழுத்துப் போட வேண்டும். போடலாமா?

மலைக்கோட்டை
தாராளமாகப் போடுங்கள் மேடம். எம்ஓயூ என்றாலே கோர்ட்டில் நிற்காது, அதிலும் ஷரத்து 9 அதையே சொல்லிவிட்டது. நாக் குழு வரும்போது நடைமுறையில் உள்ள எம்ஓயூ எத்தனை என்று கேட்பார்கள். அதற்கு உதவும்.

பழையவக்கீல்
தம்பி சொல்வதில் பாதி சரி. ‘கட்டுப்படுத்தாது’ என்று தெளிவாக எழுதினால் நீதிமன்றம் அதை மதிக்கும். ஆனால் எம்ஓயூ என்று தலைப்பிட்டதால் மட்டும் அது செல்லாததாகிவிடாது. உள்ளே யார் என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார்கள், பதிலுக்கு என்ன பெறுகிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவு கேட்பவை பொருந்தினால் அது ஒப்பந்தமே.

இந்த வரைவின் சிக்கல் 6ம் 11ம் 9ஓடு மோதுவதுதான். 9 சொல்வது உண்மையானால் ரகசியமும் கட்டாயமில்லை, நடுவரும் கட்டாயமில்லை. கம்பெனி அதை நினைத்திருக்காது. நாளைக்குச் சண்டை வந்தால் இரண்டு பக்கமும் தனக்குச் சாதகமான ஷரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ‘ஷரத்து 6, 11 நீங்கலாக’ என்று 9இல் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு 6ஐயும் 11ஐயும் திருத்தாமல் கையெழுத்து வேண்டாம், ஏனென்றால் அவை அப்போது நிஜமாகவே கட்டுப்படுத்தும்.

இன்னொன்று. கல்லூரி பெரும்பாலும் சட்டப்படி தனி நபர் ஆகாது. அதை நடத்தும் அறக்கட்டளையோ சங்கமோதான் தரப்பு. முதல்வருக்குக் கையெழுத்திட அதிகாரம் கொடுத்த நிர்வாகக் குழுத் தீர்மானம் இருக்கிறதா, இல்லை செயலர் போட வேண்டுமா என்று பாருங்கள்.

வெள்ளாறு
என் கதையைச் சொல்கிறேன். வேறு மாநிலத்தில் பிஎச்டி செய்தேன். கம்பெனி தந்த சாம்பிளை வைத்துத்தான் வேலை. வைவாவில் வெளித் தேர்வாளர் கலவை விகிதம் கேட்டார், சொல்ல முடியவில்லை. கட்டுரையைக் கம்பெனி பல மாதம் படித்துக்கொண்டே இருந்தது. பேராசிரியருக்கு எம்ஓயூ, எனக்கு வேலை இழப்பு. அந்த மாணவியிடம் யாராவது இதைக் காட்டினீர்களா?

பழையவக்கீல்
அவர் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. ‘எல்லாத் தகவலும் 5 ஆண்டு’ என்பதில் 5 ஆண்டு எங்கிருந்து? தேதி வைத்துப் பார்ப்போம். 2025 ஜூன் 1 கையெழுத்து, 2028 மே 31 முடிவு. 2028 ஜனவரியில் கம்பெனி புதுக் கலவை ஒன்றைக் கொடுக்கிறது. கையெழுத்திட்ட நாளிலிருந்து எண்ணினால் ரகசியம் 2030 மே 31இல் முடியும். தகவல் கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் 2033 ஜனவரி வரை இழுக்கும். மாணவி 2030 ஜூலையில் தீசிஸ் கொடுத்தால் முதல் கணக்கில் அவருக்குத் தடையில்லை, இரண்டாவதில் மாட்டிக்கொள்வார். வரைவு எந்தக் கணக்கு என்று சொல்லவே இல்லை. எம்ஓயூ முடிந்த பிறகும் ரகசியம் தொடரும் என்றும் தனியாக எழுத வேண்டும். இல்லையென்றால் ஆவணம் காலாவதியானதும் அதுவும் போய்விட்டது என்று வாதாடுவார்கள்.

தீசிஸ் ரகசியமாக இருக்க முடியாது. யுஜிசி விதிப்படி அதன் மின்படி, யாரும் படிக்கக்கூடிய ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்துக்குப் போகும். அதனால் ‘எழுத்தில் ரகசியம் என்று குறித்துக் கொடுத்தவை மட்டும்’ என்று 6ஐச் சுருக்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதை 30 நாளுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்தினால்தான் கணக்கு. ஏற்கெனவே பொதுவில் உள்ளது, உங்களுக்கு முன்பே தெரிந்தது, சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டியது ஆகியவை விலக்கு. கட்டுரை, தீசிஸ் வரைவைக் கம்பெனிக்கு அனுப்பி, 30 நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளலாம்.

ஆலைப்பக்கம்
நான் தொழில் தரப்பில் இருப்பவன். இந்த 30 நாள் மௌனச் சம்மதத்தை ஒப்புக்கொள்ள மாட்டோம். வறுக்கும் வெப்பநிலை, ஈரப்பதம் எல்லாம் வருஷக் கணக்காகத் தேடிக் கண்டுபிடித்தவை. மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் போச்சு. காப்புரிமைக்கு மனு போடுவதற்கு முன் வெளியே வந்தால் புதுமையே போய்விடும். பிறகு நஷ்டஈடு வாங்கி என்ன பயன்? அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் ஆர்டிஐயில் வேறு யாராவது கேட்பார்கள்.

பழையவக்கீல்
உங்கள் கவலை நியாயம். ஆர்டிஐக்கு 8(1)(d) இருக்கிறது: வணிக ரகசியத்தை, பொதுநலன் மேலோங்காத வரை, மறுக்கலாம். ஆனால் கல்லூரி அரசால் கணிசமாக நிதி பெற்றால் சட்டம் அதைத் தொடும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. எம்ஓயூவில் எழுதி அதைத் தடுக்க முடியாது. கேள்வி வந்தால் உங்களுக்கு முன்கூட்டித் தகவல் தரக் கல்லூரி ஒப்புக்கொள்ளலாம்.

காப்புரிமைக்கு, பதில் சொல்லும் காலத்துக்குள் தற்காலிக மனு போட்டுவிடலாம். முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் கிடைக்கும். வைவாவுக்கு முன் மனு எண் கையில் இருந்தால் போதும். தயாரிப்பு முறையை ரகசியமாகவே வைத்திருப்பதுதான் எண்ணம் என்றால் அந்த அளவைகளை மாணவிக்குக் கொடுக்கவே கூடாது. குறியிட்ட சாம்பிளைக் கொடுங்கள்.

மலைக்கோட்டை
சரி, 11க்கு என்ன? நடுவரைக் கம்பெனியே நியமித்தால் என்ன? இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு ஒப்புதல்தானே?

பழையவக்கீல்
அப்படிச் செய்ய முடியாது. தகராறில் தனக்கு நலன் உள்ளவர் ஒரே நடுவரைத் தானே நியமிக்க முடியாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நியமனம் உடைந்தாலும் நடுவர் ஒப்பந்தம் நிற்கலாம், உயர் நீதிமன்றத்தில் நடுவரை நியமிக்கக் கேட்கலாம். ‘தேவைப்பட்டால் இரு தரப்பும் நடுவரிடம் போகலாம்’ என்று எழுதுவதும் உதவாது. மறுபடி இருவரும் சம்மதிக்க வேண்டிய வாக்கியம் நடுவர் ஒப்பந்தமே ஆகாது என்று 2007இலேயே ஜகதீஷ் சந்தர் வழக்கில் சொன்னார்கள்.

ஆலைப்பக்கம்
பணமே கைமாறாத எம்ஓயூவுக்கு நடுவர் எதற்கு? நடுவர் கட்டணம் நாம்தான் கொடுக்க வேண்டும். முதலில் செயலரும் இயக்குநரும் 30 நாள் பேசட்டும், ஒத்துவராவிட்டால் திருச்சி நீதிமன்றம். அதுவே போதும்.

பழையவக்கீல்
அதுவும் செல்லும். எனக்கு நடுவர்தான் பிடிக்கும், ஏனென்றால் ரகசியம் பற்றிய வழக்கைத் திறந்த நீதிமன்றத்தில் நடத்தினால் ரகசியமே வெளிவரும். எந்த வழியானாலும் ‘அவசரத் தடையுத்தரவுக்கு இந்த 30 நாள் பொருந்தாது’ என்று சேருங்கள். கசிவைத் தடுக்க ஒரு மாதம் பேசிக்கொண்டிருக்க முடியாது.

கொள்ளிடம்
எத்தனை ரூபாய் முத்திரைத்தாள்? எங்கள் கல்லூரியில் முத்திரைத்தாள் இல்லாததால் எம்ஓயூ செல்லாது என்றார்கள்.

பழையவக்கீல்
கேட்டது அது அல்ல என்றாலும் சொல்கிறேன். முத்திரை இல்லாததாலேயே நடுவர் ஒப்பந்தம் செல்லாததாகாது என்று 2023 டிசம்பரில் 7 நீதிபதி அமர்வு சொன்னது. ஆனால் குறைபாட்டைச் சரிசெய்யும் வரை ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். கட்டணத்தை உங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

நீலச்சங்கு
எல்லோருக்கும் நன்றி. 9இல் விலக்கு, 6இல் எழுத்துக்குறிப்பு, தகவல் தந்த நாளிலிருந்து 3 ஆண்டு என்று மாற்றி அனுப்பினேன். கம்பெனி இவற்றை ஒப்புக்கொண்டது. மௌனச் சம்மதத்தை மறுக்கிறார்கள். எங்களுக்கு 45 நாள் கொடுங்கள், பதில் வராவிட்டால் நினைவூட்டி இன்னும் 15 நாள் காத்திருங்கள் என்கிறார்கள். மாணவி இதைப் படித்துவிட்டு, தீசிஸுக்கு மட்டும் 45 நாளோடு முடிய வேண்டும் என்கிறார். செயலர் இன்னும் கையெழுத்திடவில்லை.

வெள்ளாறு
மாணவி கேட்பதை விட்டுக்கொடுக்காதீர்கள் மேடம். தீசிஸ் சமர்ப்பிக்கும் தேதியைக் கம்பெனியிடம் இப்போதே எழுத்தில் கொடுங்கள். பிறகு அவர்கள் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஆலைப்பக்கம்
அந்த 15 நாளையும் சேர்த்துத் தேதியைப் பின்னிருந்து எண்ணி வரைவைக் கொடுத்தால் போதுமே. 60 நாள் முன்னால் அத்தியாயத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

வெள்ளாறு
கடைசி அத்தியாயம் 60 நாள் முன்னால் தயாராக இருந்த மாணவர் யாரையும் நான் பார்த்ததில்லை.