கடினமான கேள்விக்குச் சரியாக விடையளித்தவருக்கும் அதே திறன் மதிப்பு வருவது ஏன்?

ஆய்வு மாணவி: வணக்கம். இரு மாணவர்களின் மொத்த மதிப்பெண் ஒன்றே. ஒருவர் மிகக் கடினமான கேள்விக்குச் சரியாக விடையளித்து, மிக எளிய கேள்வியில் தவறினார், மற்றவர் நேர்மாறு. கடினமான கேள்விக்கான சரியான விடைதான் திறனைப் பற்றி அதிகம் சொல்லும் என்று படித்தேன். ஆனால் இருவருக்கும் ஒரே திறன் மதிப்பு வருகிறது. அவசரம், உதவுங்கள்.

பள்ளி ஆசிரியர்: எங்கள் பள்ளியில் கடினமான வினாவுக்கு ஐந்து மதிப்பெண், எளிய வினாவுக்கு ஒன்று. அப்படி மாற்றினால் சரியாகிவிடுமே.

தரவாளர்: திறனை மதிப்பிட எந்தப் புள்ளியியல் மாதிரியைப் பொருத்தினீர்கள்? இருவருக்கும் ஒரே வினாத்தாளா? கேள்விகள் நான்கு விருப்பங்களில் ஒன்றைத் தெரிவு செய்பவையா?

ஆய்வு மாணவி: ஒரே வினாத்தாள்தான். நான்கு விருப்பங்கள்.

```r
m <- mirt(vidai, 1, itemtype = "Rasch")
fscores(m)
```

மூத்த உறுப்பினர்: ராஷ் மாதிரி மொத்த மதிப்பெண்ணை மட்டுமே பார்க்கும் என்பது முதல் வாரப் பாடம். படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். 2PL என்ற இரு அளவுரு மாதிரிக்கு மாறுங்கள், கடினமான கேள்விக்கு எடை கூடும்.

தரவாளர்: முதல் பாதி சரி. ஆனால் 2PL எடை தருவது, திறன் கூடியவரையும் குறைந்தவரையும் ஒரு கேள்வி எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்ற பாகுபடுத்தும் திறனுக்கு, கடினத்தன்மைக்கு அன்று.

நீங்கள் படித்ததும் தவறில்லை. திறன் 0 உடையவர், திறன் 2 உடையவர் என இருவரை எடுத்துக்கொள்வோம். கடினத்தன்மை 2 உள்ள கேள்விக்குச் சரியாக விடையளிக்கும் வாய்ப்பு முன்னவருக்கு 0.12, பின்னவருக்கு 0.50. ஆகவே சரியான விடை வந்தால், அது திறன் 2-இன் பக்கம் சுமார் 4.2 மடங்கு சாய்கிறது. கடினத்தன்மை -2 உள்ள கேள்வியில் அவ்வாய்ப்புகள் 0.88, 0.98, சாய்வு 1.1 மடங்குதான், ஏனெனில் அதை இருவருமே எளிதாகக் கடந்துவிடுவார்கள்.

ஆனால் உங்கள் மாணவர் எளிய கேள்வியில் தவறியிருக்கிறார். அந்தத் தவறு சாய்வை 0.15 மடங்காகக் குறைக்கிறது, 4.2-ஐ அதனால் பெருக்கினால் 0.63. மற்றவருக்கு 1.1 மடங்கும், கடினமான கேள்வியில் தவறியதற்கான 0.57-உம் சேர்ந்து அதே 0.63. கடினமான கேள்வியில் கிடைத்த ஆதாயம் முழுவதையும் எளிய கேள்வியின் தவறு தின்றுவிட்டது. ராஷ் மாதிரியில் ஒரே வினாத்தாளை எழுதியவர்களுக்கு இப்படித்தான் வரும். ஆளுக்கேற்பக் கேள்விகள் மாறும் தகவமைப்புத் தேர்வில்தான், ஒரே எண்ணிக்கையில் சரியாக விடையளித்தவர்களுள் கடினமான கேள்விகளைப் பெற்றவரின் மதிப்பு உயரும்.

மூத்த உறுப்பினர்: நான்கு விருப்பங்கள் என்றால் ஊகத்தை மறந்துவிட்டீர்கள். ஊகத்தையும் கணக்கில் சேர்க்கும் 3PL மாதிரியில் ஊக வாய்ப்பை 0.25 என்று வைத்தால் அந்த 4.2 மடங்கு 1.8 ஆகிவிடும்.

தரவாளர்: உண்மை. ஆனால் திறன் குறைந்தவர்கள் போதிய அளவில் எழுதாத தேர்வில் அந்த ஊக அளவை நம்பகமாக மதிப்பிட முடியாது, 0.25 என்று நாமே முடிவு செய்வதும் ஓர் அனுமானமே.

மூத்த உறுப்பினர்: ஊகமே இல்லை என்பது அதைவிடப் பெரிய அனுமானம்.

ஆய்வு மாணவி: பெருக்கிப் பார்த்தேன், 0.63 இரு பக்கமும் வருகிறது. ராஷ் மாதிரியையே வைத்துக்கொள்கிறேன். நன்றி.

தரவாளர்: எளிய கேள்வியில் தவறியவரின் விடைத் தொடர் மாதிரிக்குப் பொருந்துகிறதா என்று `personfit(m)` மூலம் பாருங்கள். வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் எழுதினார்கள்?