உதவி: விடுமுறையில் மட்டும் பங்கு வாங்கி விற்கும் கல்லூரி மாணவனின் ஒரு பக்க விதித்தாள், விதியை மீறவில்லை, பணம் ஏன் குறைகிறது?

கோத்தகிரி மாணவன்
அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் படிக்கிறேன். விடுமுறைக்குக் கோத்தகிரிக்கு வரும்போது மட்டும் பங்குகளை வாங்கி விற்கிறேன். ஒரு பக்கத்தில் விதிகளை எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். ஒரு வர்த்தகத்தில் மொத்தப் பணத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இழக்கக் கூடாது. வாங்கிய விலையிலிருந்து ஐந்து சதவீதம் இறங்கினால் விற்றுவிட வேண்டும். ஐந்து சதவீதம் ஏறினால் பாதியை விற்று, மீதியைப் பொறுத்திருந்து விற்க வேண்டும். விடுமுறை தவிர வேறு நாளில் வர்த்தகம் கூடாது. இவற்றை அப்படியே கடைப்பிடித்தும், ஏறியவை இறங்கியவற்றைவிட அதிகமாக இருந்தும், கணக்கில் உள்ள தொகை குறைந்துகொண்டே வருகிறது. எந்த விதியை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். அவசரம்.

முகூர்த்தப் பிரியர்
விடுமுறை நாளில் சந்தையே திறந்திருக்காதே, தம்பி? தீபாவளியன்று ஒரு மணி நேரம் நடக்கும் முகூர்த்த வர்த்தகத்தைச் சொல்கிறீர்களா? அந்த ஒரு மணி நேரத்திற்கு விதித்தாள் தேவையில்லை. நல்ல நிறுவனம் ஒன்றில் இரண்டு பங்கு வாங்கி வைத்துவிட்டு இனிப்புச் சாப்பிடப் போகலாம்.

ஊசியிலை
அவர் கல்லூரி விடுமுறையைச் சொல்கிறார், ஐயா. ஆனால் கேள்வியில் பாதி விவரம் இல்லை. மொத்தப் பணம் எவ்வளவு? அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேயா, பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்குக்கு வந்த பிறகு விற்கும் டெலிவரியா? ஒரு பங்கில் எவ்வளவு ரூபாய் போடுகிறீர்கள்? உங்கள் தரகர் டெலிவரிக்குத் தரகு வாங்குகிறாரா?

சந்தை வாத்தியார்
இந்தக் குழுவில் பல ஆண்டுகளாக ஒன்றையே சொல்லி வருகிறேன், யாரும் கேட்பதில்லை. விதித்தாளை ஒட்டுவதால் வர்த்தகர் ஆகிவிட முடியாது. விடுமுறைக்கு மட்டும் வந்து போகிறவர் சந்தையின் போக்கைப் புரிந்துகொள்வதற்குள் கல்லூரி திறந்துவிடும். முதலில் பட்டத்தை முடியுங்கள். அதுவரை மாதம் ஐந்நூறு ரூபாயைக் குறியீட்டு நிதியில் போடுங்கள். நூற்றுக்கு ஒன்று என்ற விதி மட்டும் சரியானது. அதை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

கோத்தகிரி மாணவன்
மன்னிக்கவும், தெரிந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். மொத்தம் பத்தாயிரம் ரூபாய். டெலிவரி மட்டும். ஒரு பங்கில் இரண்டாயிரம் ரூபாய் போடுகிறேன். அது ஐந்து சதவீதம் இறங்கினால் நூறு ரூபாய் போகும், அது பத்தாயிரத்தில் நூற்றுக்கு ஒன்று. டெலிவரிக்குத் தரகு இல்லை. தரகர் அனுப்பும் ஒவ்வொரு வர்த்தகத்தின் ஒப்பந்தச் சீட்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். அதன்படி லாபம் வர வேண்டும்.

மேல்குன்னூர்
நான் ஒரு தரகு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். ஒப்பந்தச் சீட்டைக் கூட்டிப் பார்த்தேன் என்று சொன்னீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது, தம்பி. டீமேட்டிலிருந்து பங்கு வெளியே போகும்போது பிடிக்கப்படும் டிபி கட்டணம் ஒப்பந்தச் சீட்டில் வராது. அது தரகரிடம் உள்ள உங்கள் கணக்கேடான லெட்ஜரில் தனிப் பதிவாக விழும். விற்ற நாளுக்குரிய லெட்ஜரைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் வரி சேர்த்துச் சுமார் பதினைந்து ரூபாய் பிடித்திருப்பார்கள். தரகருக்குத் தரகர் இத்தொகை சிறிது மாறும். ஆனால் பெரும்பாலான இடங்களில் கணக்கிடும் முறை ஒன்றுதான். ஒரு நிறுவனத்தின் பங்கை ஒரே நாளில் எத்தனை விற்றாலும் ஒரு முறைதான் பிடிப்பார்கள்; அதையே இரண்டு நாளில் பிரித்து விற்றால் இரண்டு முறை பிடிப்பார்கள். பெரிய தொகை போடுகிறவருக்கு அது கண்ணிலேயே படாது, இரண்டாயிரத்துக்குப் பெரிது.

உங்கள் விதியை அப்படியே ஓட்டிப் பார்க்கிறேன். நூறு ரூபாய் விலையில் இருபது பங்கு வாங்குகிறீர்கள். நூற்றைந்துக்கு ஏறியதும் பத்தை விற்கிறீர்கள். ஐம்பது ரூபாய் லாபம். மீதிப் பத்தைப் பொறுத்திருந்து அடுத்த வாரம் நூற்றிரண்டுக்கு விற்கிறீர்கள். இருபது ரூபாய் லாபம். ஆக எழுபது. இதில் டிபி கட்டணம் இரண்டு முறை, ஏறத்தாழ முப்பத்தொன்று. வாங்கும்போதும் விற்கும்போதும் ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் வீதம் பங்குப் பரிவர்த்தனை வரி நான்கு ரூபாய்; முத்திரைத் தீர்வையும் மற்றவையும் சில்லறைக் காசு. கையில் நிற்பது முப்பத்தைந்து ரூபாய். அடுத்த பங்கு தொண்ணூற்றைந்துக்கு இறங்கி, இருபதையும் ஒன்றாக விற்றால் நூறு ரூபாய் நட்டம், அதோடு செலவு இருபது. அதாவது ஒரு தோல்வியை ஈடுகட்ட மூன்று வெற்றிகூடப் போதாது. ஏறியவை அதிகமாக இருந்தும் பணம் குறைந்ததற்கு இதுவே காரணம். பாதியை விற்கும் விதிதான் முதலில் போக வேண்டும்.

வேகவர்த்தகன்
அக்கா சொல்வது சரி; ஆகவேதான் டெலிவரியே வேண்டாம் என்கிறேன். இன்ட்ராடேயில் டிபி கட்டணமே கிடையாது. பரிவர்த்தனை வரியும் விற்கும்போது மட்டும்தான், அதுவும் டெலிவரியில் நாலில் ஒரு பங்கு. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடும். கல்லூரி திறக்கும்போது கையில் எதுவும் மிஞ்சாது. விடுமுறை மாணவனுக்கு இதைவிடப் பொருத்தமானது எது?

மேல்குன்னூர்
டிபி கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் டெலிவரிக்குத் தரகு வாங்காத பலரும் இன்ட்ராடேக்கு வாங்கவும் விற்கவும் தனித்தனியாக வாங்குகிறார்கள். அதையும் விடுங்கள், பங்குச் சந்தையின் ரொக்கப் பிரிவில் இன்ட்ராடே செய்த தனிநபர்களைப் பற்றி செபி 2024 ஜூலையில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில் பத்துக்கு ஏழு பேர் நட்டமடைந்தார்கள். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களிடம் அந்த விகிதம் இன்னும் அதிகம். இந்தத் தம்பி எந்த வரிசையில் வருகிறார் என்று பாருங்கள்.

வேகவர்த்தகன்
அந்த ஏழு பேரில் எத்தனை பேர் மேசைக்கு மேலே விதித்தாள் ஒட்டியிருந்தார்கள் என்று அறிக்கை சொல்கிறதா? விதியோடு செய்கிறவனையும் விதியில்லாமல் செய்கிறவனையும் ஒன்றாகக் கூட்டினால் அப்படித்தான் வரும்.

ஊசியிலை
அதற்குப் பதில் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. ஆண்டில் ஐந்நூறு தடவைக்கு மேல் வர்த்தகம் செய்தவர்களில் நட்டமடைந்தோர் பத்துக்கு எட்டுப் பேர். தினமும் செய்து பழகியவர்கள் நிலையே அது. அதோடு, காலை ஒன்பதே காலிலிருந்து மாலை மூன்றரை வரை திரையைப் பார்க்கும் வசதி அவருக்கு உண்டா என்று யாரும் கேட்கவில்லையே. எந்த விடுமுறையில் செய்கிறீர்கள், தம்பி? மே மாதத்திலா, நவம்பர்-டிசம்பரிலா?

கோத்தகிரி மாணவன்
இரண்டிலும். ஆனால் மே மாதம் சீசன் என்பதால் பகலெல்லாம் அப்பாவின் வர்க்கிக் கடையில் நிற்க வேண்டும். நவம்பரில் மழைக்கு மரம் விழுந்தால் மின்சாரம் போய்விடும். சில நாள் செல்பேசிச் சிக்னலும் இருக்காது. அதனால்தான் டெலிவரி.

ஏரிக்கடைக்காரர்
நான் கொடைக்கானலில் கடை வைத்திருக்கிறேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து சதவீதம் இறங்கினால் தானாக விற்கும்படி ஜி.டி.டி. என்ற முன்கூட்டிய ஆணையைப் போட்டுவிட்டு, கவலையில்லாமல் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விலையும் இறங்கியது, ஆணையும் கிளம்பியது. ஆனால் டீமேட்டிலிருந்து பங்கை எடுக்க அன்றைக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய ஒப்புதலைக் கொடுக்கவில்லை என்று விற்பனை நிராகரிக்கப்பட்டது. அவசர அவசரமாகத் திரும்பவும் விற்கப் போனால், டி-பின் என்ற ரகசிய எண்ணைப் போட்ட பிறகு வர வேண்டிய ஓடிபி கடைக்குள் வரவில்லை. சாலைக்கு ஓடிவந்து வாங்குவதற்குள் அதன் நேரம் முடிந்துவிட்டது. ஆகவே, தானாக விற்றுவிடும் என்று தாளில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

மேல்குன்னூர்
நல்ல எச்சரிக்கை, ஐயா. டிடிபிஐ என்ற அதிகாரப் பத்திரத்தைத் தரகருக்கு ஒரு முறை கொடுத்துவிட்டால், ஒவ்வொரு விற்பனைக்கும் ஓடிபி கேட்கும் தொல்லை இராது. மலையில் இருப்பவர்கள் அதைக் கொடுத்துவிடுவது நல்லது. அதன் பிறகும் ஒரு குறை உண்டு: ஜி.டி.டி. கிளம்பும்போது, நீங்கள் குறித்த விலையில் ஒரு லிமிட் ஆணையைத்தான் போடும். தொண்ணூற்றைந்துக்கு விற்கச் சொல்லியிருந்து, மறுநாள் காலை சந்தை திறக்கும்போதே விலை தொண்ணூறாக இருந்தால், ஆணை விற்காமல் நிற்கும். ஆகவே ஆணையைக் கிளப்பும் விலையைவிட விற்கும் விலையைச் சற்றுக் கீழே வையுங்கள். மதிய உணவு நேரத்தில் ஒரு முறை திறந்து, ஆணை நிறைவேறியதா என்று பாருங்கள்.

தாளில் மாற்ற வேண்டியவை என்று நான் கருதுவன இவை. ஒரு பங்கில் ஐயாயிரத்துக்குக் குறையாமல் போடுங்கள்; ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஐயாயிரத்தை வாங்கி விற்க ஏறத்தாழ இருபத்தாறு ரூபாய் செலவாகும், அதாவது அரை சதவீதம். இரண்டாயிரத்தில் அதுவே ஒரு சதவீதம். விற்கும்போது முழுவதையும் ஒரே நாளில் விற்றுவிடுங்கள். நட்ட எல்லையைச் சதவீதத்தில் எழுதாமல், இந்த விடுமுறையில் செலவையும் சேர்த்து ஆயிரம் ரூபாய் போனால் அடுத்த விடுமுறை வரை நிறுத்தம் என்று ரூபாயில் எழுதுங்கள்.

சந்தை வாத்தியார்
ஐயாயிரத்தில் ஐந்து சதவீதம் இருநூற்றைம்பது ரூபாய். அது மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டரை. உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதியை ஒரே மூச்சில் உடைத்துவிட்டீர்களே, அம்மா! நான்கு தோல்வி தொடர்ந்து வந்தால் விடுமுறையே முடிந்துவிடும்.

மேல்குன்னூர்
முடியட்டும் என்றுதான் அந்த எல்லை. இரண்டாயிரமாகப் பிரித்துப் போட்டால் நூற்றுக்கு ஒன்று என்று தாளில் அழகாக இருக்கும்; செலவைச் சேர்த்தால் அது ஏற்கெனவே நூற்றுக்கு ஒன்று புள்ளி இரண்டு. அந்த விதி லட்சக்கணக்கில் வைத்திருப்பவருக்குப் பொருந்தும். பத்தாயிரத்தில் அதைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்றால், இரண்டாயிரத்து ஐந்நூறு போட்டு மூன்று சதவீதத்தில் விற்றுவிடலாம். ஆனால் மூன்று சதவீதம் என்பது பல பங்குகள் ஒன்றுமில்லாத நாளிலேயே ஆடும் ஆட்டம்.

சந்தை வாத்தியார்
நான் ஒப்புக்கொள்ளவில்லை. பணம் சிறிதாக இருந்தால் வர்த்தகம் செய்யாமல் இருப்பதே விதி.

ஊசியிலை
கல்லூரி திறக்கும் நாளைப் பற்றி யாரும் எழுதவில்லை. விடுமுறை தவிர வேறு நாளில் வர்த்தகம் கூடாது என்று விதி சொல்கிறது. விடுமுறை முடியும்போது கையில் பங்கு மிஞ்சியிருந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லையே. தேர்வு நாளில் அது இறங்கினால் விதியை மீறித்தான் விற்க முடியும். கல்லூரி திறப்பதற்கு ஐந்து வேலை நாள் முன்பு எந்த விலையானாலும் விற்றுவிட வேண்டும், கடைசி இரண்டு வாரங்களில் புதிதாக வாங்கக் கூடாது என்று எழுதுங்கள். விற்ற அடுத்த வேலை நாளில் பணம் கணக்குக்கு வந்துவிடும்; அதை வங்கிக்கு மாற்றிக்கொண்டு கீழே இறங்கலாம்.

கோத்தகிரி மாணவன்
லெட்ஜரைப் பார்த்தேன், ஒவ்வொரு விற்பனைக்குக் கீழும் அந்தக் கட்டணப் பதிவு இருக்கிறது. பாதியை விற்கும் விதியை அடித்துவிட்டேன், திறப்பு நாள் விதியைச் சேர்த்துவிட்டேன். டிடிபிஐக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இரண்டரையா ஒன்றா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. கடைக்குக் கூப்பிடுகிறார்கள், நன்றி.

முகூர்த்தப் பிரியர்
அப்படியானால் தீபாவளிக்கு வாங்கியதையும் ஐந்து நாளில் விற்றுவிட வேண்டுமா?

ஊசியிலை
இல்லை, ஐயா. பல ஆண்டு வைத்திருக்க வாங்குவதை இந்தத் தாளோடு கலக்க வேண்டாம். அதற்கு வேறு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.