கிணறா, கிணரா? சின்ன ர, பெரிய ற, மூன்று ன

தேவகோட்டை அம்மா: என் மகள் ஐந்தாம் வகுப்பு. சொல்வதெழுதுதலில் 'கிணரு' என்று எழுதிவிட்டு, "ரெண்டும் ஒரே மாதிரிதானே அம்மா கேட்குது" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. காதால் பிரிக்க முடியுமா? ந, ண, ன கதையும் இதேதான்.

நாஞ்சில்காரன்: கட்டாயம் முடியும். நான் நாகர்கோவில் பக்கம், பெண் எடுத்தது கோட்டையூரில். எங்கள் ஊரில் 'கரி' என்றால் நாக்கு நுனி ஒரு தட்டு தட்டிவிட்டு இறங்கிவிடும், 'கறி' என்றால் அதிரும். குழந்தையின் வாயைப் பழக்குங்கள், காது தானாக வரும்.

கண்டனூர் வாத்தியார்: தம்பி, உங்கள் பேச்சில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது, எங்கள் பக்கம் இரண்டும் எப்போதோ கலந்துவிட்டன. வீட்டில் யாருமே சொல்லாத ஓசையைப் பிள்ளை எங்கே போய்க் கேட்பாள்? ஆனால் நம் பேச்சுக்குள்ளேயே ற வேறு உருவத்தில் இருக்கிறது. 'ரு' என்று முடிவதாகக் காதில் விழும் சொல்லோடு 'ல' சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கிணறு, கிணத்துல. சோறு, சோத்துல. கயிறு, கயித்துல. இனி தேர் என்றால் தேருல, மோர் என்றால் மோருல, அங்கே 'த்து' வராது. அந்த 'த்து' எழுத்தில் 'ற்று'. ற வல்லினம், அதனால் இரட்டிக்கும். ர இடையினம், தமிழ்ச் சொல்லில் இரட்டிக்கவே இரட்டிக்காது. தொல்காப்பியமே ற பிறக்க நாக்கு அண்ணத்தை ஒற்ற வேண்டும், ர பிறக்க வருட வேண்டும் என்றுதான் பிரிக்கிறது. வினைச்சொல்லிலும் பாருங்கள்: ஏறு, ஏத்து, மாறு, மாத்து.

காரைக்குடி குமரன்: அப்படியானால் எண் ஆறு? 'ஆத்துல' என்றால் நதி, எண்ணை 'ஆறுல ஒரு பங்கு' என்றுதானே சொல்கிறோம்?

கண்டனூர் வாத்தியார்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். 'த்து' வராவிட்டால் ர என்று முடிவு கட்டக் கூடாது. அதோடு கறி, பறவை, முறுக்கு போல நடுவில் ற நிற்கும் சொற்களை இந்த வழி தொடாது, அவற்றைப் பார்த்துப் பழகத்தான் வேண்டும்.

பள்ளத்தூர் ஆச்சி: எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குச் சேலை எடுத்த கடையில் ரசீதில் 'கூரைச்சேலை' என்று அடித்துக் கொடுத்தார்கள். அப்பச்சி அதைப் பார்த்து மனம் பொறுக்காமல் பேனாவால் 'கூறை' என்று திருத்தி, அந்தத் தாளையும் பெட்டியிலேயே வைத்தார்கள். இதையும் 'ல' சேர்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தெரிந்திருக்க வேண்டும்.

காரைக்குடி குமரன்: சரி, ன விஷயம் சுலபம். சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னும் ந. ட-வுக்கு முன் ண. மற்ற இடமெல்லாம் ரெண்டு சுழி ன.

கண்டனூர் வாத்தியார்: பாதி சரி. ட-வுக்கு ண, த-வுக்கு ந, ற-வுக்கு ன என்று ஜோடி ஜோடியாக நாக்கு ஒரே இடத்தில் படும், அதனால் ண்ட, ந்த, ன்ற. 'கண்ணுக்குட்டி' என்று பேசிப் பழகிய பிள்ளை 'கண்று' என்று எழுதும், ஆனால் ற-வுக்கு முன் மூன்று சுழி வரவே வராது, அது கன்று. மற்றபடி மணம், மனம் போன்றவை நம் ஊர்க் காதுக்கே தெரியும், நாக்கை நன்றாக மடித்துச் சொன்னால் போதும். ஆனால் 'மற்ற இடமெல்லாம்' என்றீர்களே, மொய் நோட்டில் 300-ஐ எழுத்தில் எப்படி எழுதுவீர்கள்?

காரைக்குடி குமரன்: முன்னூறு.

கண்டனூர் வாத்தியார்: முந்நூறு. மூன்று 'மு' என்று குறுகி நூறோடு சேர்கிறது, நூறின் ந அப்படியே நின்று இரட்டிக்கிறது. ஐந்நூறு, வெந்நீர் எல்லாம் இப்படித்தான் சொல்லுக்கு நடுவிலும் ந. இங்கே காது உதவாது, ஏனென்றால் முன்னாள் (முந்தைய), முந்நாள் (மூன்று நாள்) இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

தேவகோட்டை அம்மா: ஐயா, நேற்று ராத்திரி மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். கிணத்துல, வயித்துல, சேத்துல எல்லாம் சரியாக வந்தது. அப்புறம் அவளாகவே 'செவுத்துல' என்றாள். அப்படியானால் 'சுவறு' என்று எழுதலாமா?

கண்டனூர் வாத்தியார்: இது நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. அந்தச் சொல் சுவர், ர்-இல் முடிவது. சுவரில் என்பதே சரி. கயிறு, வயிறு போக்கில் பேச்சு அதையும் இழுத்துக்கொண்டது. தெருவில் 'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதி வைப்பது இதனால்தான். என் வழிக்கு இது விலக்கு, இதைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள்.

காரைக்குடி குமரன்: ஊரே 'செவுத்துல' என்கிறபோது 'சுவற்றில்' எப்படிப் பிழையாகும்? நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாஞ்சில்காரன்: இதற்குத்தான் சொல்கிறேன், வாயில் ற இருந்தால் இந்தக் குழப்பமே வராது. விடுமுறைக்குப் பிள்ளையை எங்கள் ஊருக்கு அனுப்புங்கள்.