புதுப்பிப்பு: கருப்பட்டி ஆர்டருக்கு கூரியர் கட்டணம்

"200 கிராம் பொட்டலம் மூன்று போட்டால் கட்டணம் ஏன் மூன்று மடங்காகிறது?"

இந்தக் கேள்விக்குக் கீழக்கரை அண்ணன் ஒருவர் சொன்ன காரணமே சரி. ஒவ்வொரு பொட்டலத்தின் எடையும் தனித்தனியாக 500 கிராமுக்கு உயர்த்தப்பட்டிருந்தது. இப்போது அட்டைப்பெட்டி எடையையும் கூட்டி, கடைசியில் ஒரே தடவை உயர்த்துகிறோம்:

```
slabs = ceil((items_g + box_g) / 500)
```

பொட்டலங்கள் 600, பெட்டி 150, ஆக 750 கிராம்; 500 கிராமுக்கு ஒரு படி என்றால் இரண்டு படி. சாயல்குடியிலிருந்து மதுரைக்குப் படி 40 ரூபாய் என்று வைத்தால் 80 வரும்; முன்பு 120 காட்டியது. தூர மண்டலத்துக்குப் படியின் விலை மட்டும் மாறும்.

"999 ரூபாய்க்கு மேல் கூரியர் இலவசம்னு போட்டா போதும்" என்றார் ஒரு தம்பி. பாதிதான் சரி. 1,050 ரூபாய் ஆர்டரில் 10% கூப்பன் போனால் 945தான்; வரம்பை அதற்கு அப்புறம் பார்க்க வேண்டும். மண்டபத்து அக்கா ஒருவர் கருவாட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா என்று கேட்டார். எங்கள் கூரியர்காரர் அதை எடுப்பதில்லை. டெல்லிக்கும் இதே இலவச வரம்பு கட்டுப்படியாகுமா என்று இன்னும் முடிவாகவில்லை.