கலைச்சொல்: கேம் ஜாமில் யோசனையை ‘ஸ்கோப்’ செய்வதற்குத் தமிழில் என்ன?

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம். 48 மணிநேரத்தில் ஒரு கணினி ஆட்டத்தை உருவாக்கி முடிக்கும் கேம் ஜாமில் முதன்முறை கலந்துகொள்வோருக்காக ஒரு வழிகாட்டி தயாராகிறது. அதில் ‘ஸ்கோப்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, பெரும்பாலும் வினையாக. இரண்டு நாளில் முடித்துவிடக்கூடிய அளவுக்கு யோசனையைத் திட்டமிட்டு வெட்டுவதைத்தான் சொல்கிறேன். ‘வரம்பிடுதல்’ என்று எழுதிப் பார்த்தேன். போட்டி விதிமுறையைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. ‘வீச்சு’ பெயராக நிற்கிறது, வினையாக ஓடவில்லை. உங்கள் பரிந்துரைகள் தேவை.

மாணிக்கம்:

அம்மா கயல்விழி, ‘செயற்பரப்பு’ பொருத்தமாக இருக்கும். நிரலில் ஒரு செயற்கூற்றுக்குள் அறிவித்த மாறி அதற்கு வெளியே தெரியாது. அது உயிரோடிருக்கும் பரப்பு என்ற பொருள் தெளிவாகக் கிடைக்கிறது.

அன்வர்:

மாணிக்கம் ஐயா சொல்வது மாறிகளுக்கான ஸ்கோப். கயல்விழி கேட்பது வேலையின் அளவு. இதற்குப் புதுச்சொல் எதற்கு? ‘சுருக்குதல்’ போதும். பத்து லெவல் நினைத்திருந்தால் மூன்றாகச் சுருக்கு, முடிந்தது.

செழியன்:

அன்வர், லெவலைக் குறைப்பது சரிதான், ஆனால் அதில் மிச்சமாகும் நேரம் கொஞ்சம். ஒளிவது, துரத்துவது, வாங்குவது போன்ற ஆட்டத்தின் இயக்கங்கள் எல்லாம் வேலை செய்யத் தொடங்கிய பிறகு இன்னொரு லெவல் போட அரைமணி நேரம் ஆகலாம். இயக்கங்களை ஓடவைப்பதில்தான் நாள் போகிறது. மூன்று இயக்கங்கள் இருந்தால் ஒன்றோடொன்று மோதும் இணைகள் மூன்று. ஆறு இருந்தால் பதினைந்து. பிழைகள் அந்த இணைகளில்தான் ஒளிந்திருக்கும். லெவலை மூன்றாக்கிவிட்டு ஆறு இயக்கங்களையும் வைத்துக்கொண்டவர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் மூன்று லெவலிலும் பிழை பார்த்துக்கொண்டிருப்பார். வழிகாட்டியில் இந்த வேறுபாடு வராவிட்டால் எந்தச் சொல்லை வைத்தும் பயனில்லை.

ஒரு யோசனையை வைத்தே பார்ப்போம். இருட்டில் ஒளிந்து நகரும் திருடன். விளக்கை அணைக்கலாம், பூட்டைத் திறக்கலாம், பொருள்களைத் திருடிக் கடையில் விற்று நல்ல கருவி வாங்கலாம். காவலர் பார்த்தால் துரத்துவார். இடையிடையே கதை உரையாடல்.

முதலில் கையிலுள்ள நேரம். 48 மணியில் தூக்கத்துக்கு 14, சாப்பாடு, குளியல், ஓய்வுக்கு 6 கழித்தால் 28 மிஞ்சும். யோசனைக்கு 2, கடைசியில் ஏற்றுமதி செய்து பதிவேற்றிச் சரிபார்க்க 5 ஒதுக்கினால் 21. நம் கணிப்பு ஏறத்தாழ இருமடங்கு நீளும் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆகவே தாளில் பத்து மணிநேர வேலையாகத் தெரிகிற ஆட்டத்தைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து, ஆட்டக்காரர் செய்யும் செயல் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே விளக்கை அணைப்பது. அது இல்லாவிட்டால் இந்த ஆட்டமே இல்லை. பூட்டு போனால் யாரும் தேடமாட்டார்கள். கடை போகத்தான் வேண்டும்: அதற்குத் தனித் திரை, பணக்கணக்கு, விலைச் சமன்பாடு என்று மூன்று வேலைகள் பின்னாலேயே வரும். உரையாடலும் போகட்டும்.

துரத்தல்தான் கடினமான முடிவு, பார்ப்பதற்கு அதுவே உயிர்போல் தெரிவதால். ஆனால் அதற்குக் காவலரிடம் ரோந்து, சந்தேகம், துரத்தல், திரும்பிப் போதல் என நான்கு நிலைகள் வேண்டும். சுவர்களைச் சுற்றி வழி தேடவும் தெரிய வேண்டும். காவலர் மூலையில் சிக்கி நிற்பது, திரும்பிவர மறந்துவிடுவது எல்லாம் இங்கிருந்துதான் வரும். அதற்குப் பதில், காவலர் குறித்த பாதையில் மட்டும் நடக்கட்டும். கண்ணில் பட்டால் அந்த அறை முதலிலிருந்து தொடங்கட்டும். பதற்றம் குறையாது, வேலை பெருமளவு குறைந்துவிடும்.

அணைந்த விளக்கைக் காவலர் வந்து ஏற்றுவதாக முதலில் தோன்றும். அதுவும் வழிதேடல்தான். எட்டு நொடியில் விளக்கு தானாக எரிந்தால் ஆட்டக்காரருக்கு அதே நெருக்கடி கிடைக்கிறது. கோடோ ஆட்ட எஞ்சினில் விளக்குக் காட்சியின் வேர்க் கணுவில் இவ்வளவுதான்:

```
func put_out():
    if not $PointLight2D.enabled:
        return
    $PointLight2D.enabled = false
    await get_tree().create_timer(8.0).timeout
    $PointLight2D.enabled = true
```

முதல் இரண்டு வரிகளை விட்டுவிட்டால், அணைந்த விளக்கை மறுபடி அழுத்தும்போது இரண்டாவது எட்டு நொடி ஓடத் தொடங்கும். முதல் கணக்கு முடிந்ததும் விளக்கு எரிந்துவிடும். புதிதாக அணைத்ததாக நினைத்த ஆட்டக்காரர் வெளிச்சத்தில் மாட்டுவார்.

வெறும் சதுரங்களை வைத்தே எட்டாவது மணிக்குள் ஓர் அறை ஆடும்படி இருக்க வேண்டும். அப்போதும் ஆட முடியவில்லை என்றால் படம் வரையத் தொடங்காமல் இன்னொன்றை வெட்டுவதே வழி.

சொல்லுக்கு வருகிறேன்: ‘அளவறுத்தல்’. அளவை உறுதியாகத் தீர்மானிப்பது என்ற பொருள் ‘அறுத்தல்’ என்பதிலேயே உண்டு. வெட்டுவதும் காதில் கேட்கிறது. ‘யோசனையை அளவறுத்துக்கொள்’ என்று வினையாகவும் ஓடும்.

ரோசி:

எங்கள் குழுவில் நான்கு பேர், இருவர் ஓவியர். செழியன் அண்ணா சொல்லும் பத்து மணிநேரம் எங்களுக்கு நாற்பது ஆகுமா? கடையை வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்.

செழியன்:

ஆகாது ரோசி. இயக்கங்களை எழுதுவது எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. ஓவியர்களால் ஆட்டம் அழகாகும், இயக்கங்கள் கூடாது. அவர்கள் காத்திருக்காமலிருக்க, முதல் மணிநேரத்திலேயே உருவின் அளவை, 32×32 பிக்சல் என்பதுபோல, முடிவு செய்துவிடுங்கள். பிறகு மாற்றினால் வரைந்ததெல்லாம் மீண்டும் வரைய வேண்டியிருக்கும். இருவர் ஒரே .tscn கோப்பைத் திருத்தி இணைத்தால் மோதல் வரும். அறை ஒருவருக்கு, காவலர் இன்னொருவருக்கு எனத் தனித்தனிக் காட்சிக் கோப்பாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கடை வேண்டாம். ஓவியர்களிடம் தொடக்கத் திரையையும் வெற்றி, தோல்வித் திரைகளையும் கொடுங்கள். பலர் கணக்கில் சேர்க்க மறப்பது அவற்றைத்தான்.

அன்வர்:

லெவல் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசி 5 மணி அதிகமில்லையா? ஏற்றுமதி ஒரு பொத்தான்தானே.

செழியன்:

உலாவியில் ஓடும் பதிப்புக்கு அப்படியில்லை. கோடோவின் ஏற்றுமதி வார்ப்புருக்களைத் தனியாக இறக்க வேண்டும். ஆட்டங்களைப் பகிரும் itch.io தளத்தில் ஏற்றும் ஜிப் கோப்பில் index.html இருக்க வேண்டும். `Lamp.png` என்ற கோப்பை நிரலில் `lamp.png` என்று எழுதியிருந்தால் விண்டோஸில் திறக்கும், ஏற்றுமதி செய்த பிறகு திறக்காது. ஆட்டக்காரர் எங்காவது சொடுக்கும்வரை உலாவி ஒலியைத் தடுத்து வைக்கும். அதனால் ‘தொடங்கு’ பொத்தான் ஒன்று அவசியம். இவற்றைக் கடைசி மணிநேரத்தில் கண்டுபிடித்தால் சரிசெய்ய நேரமிருக்காது. பத்தாவது மணியிலேயே சதுரங்களோடு ஒருமுறை பதிவேற்றிப் பாருங்கள்; அப்படிச் செய்தால் 5-ஐ 3 ஆக்கலாம்.

மாணிக்கம்:

நான் வேறு பொருளில் எடுத்துக்கொண்டேன், செழியன் விளக்கிய பிறகு புரிகிறது. ‘அளவறுத்தல்’ இலக்கணப்படி நன்றாக இருக்கிறது. வேலை நடக்கும்போது யோசனை பெருத்துக்கொண்டே போவதற்கு ‘அளவுமிகல்’ எனலாமா?

அன்வர்:

‘அளவுமிகல்’ பேச்சில் வராது ஐயா. ‘வீங்கிடுச்சு’ என்றுதான் சொல்வோம். ‘வீக்கம்’ என்றே வைக்கலாம். ‘அளவறுத்தல்’ கூட முதல்முறை வருபவருக்குச் சட்டென்று புரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கயல்விழி:

வினைக்கு ‘அளவறுத்தல்’ என்று எழுதி, முதல் இடத்தில் திருடன் ஆட்டத்தையே எடுத்துக்காட்டாக வைக்கிறேன். பெயர்ச்சொல்லுக்கு ‘அளவெல்லை’ சரிவருமா என்று சொல்லுங்கள். ‘வீக்கம்’, ‘அளவுமிகல்’ இரண்டும் இப்போதைக்கு வரைவில் இருக்கட்டும். இன்னொரு கேள்வி: முப்பதாவது மணியில் நல்ல யோசனை ஒன்று வந்தால் கண்டிப்பாக ஒதுக்கத்தான் வேண்டுமா?

செழியன்:

புது இயக்கம் என்றால் ஜாமுக்குப் பிந்தைய பட்டியலில் எழுதி வைத்துவிடச் சொல்லுங்கள். ஆட்டம் புரியவில்லை என்பதைத் தீர்ப்பதாக இருந்தால் மட்டும் சேர்க்கலாம்: விளக்கு எரிவதற்கு இரண்டு நொடிக்கு முன் மினுங்க வைப்பது அப்படிப்பட்டது. மேலே உள்ள நிரலில் 8.0-ஐ 6.0 ஆக்கி, மினுங்கலைத் தொடங்கிவிட்டு, இன்னொரு 2.0 நொடி காத்திருந்தால் போதும். ‘அளவெல்லை’ பற்றி நாளை எழுதுகிறேன்; ‘எல்லை’ தேவையா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.